பல்லெவெலுகா, எக்ஸ்பிரஸா? புத்தூரில் நின்று ஒரு கணக்கு

புத்தூர் பஸ் ஸ்டாண்டில் திருப்பதிக்குப் போக நின்றால் பஸ்ஸுக்குப் பஞ்சமே கிடையாது. திருத்தணியிலிருந்து நகரி வழியாக வரும் சாலையும், ஊத்துக்கோட்டையிலிருந்து நாகலாபுரம், பிச்சாட்டூர், நாராயணவனம் வழியாக வரும் சாலையும் நம் ஊரில்தான் சேருகின்றன. கார்வேட்டிநகரம் வழியாகச் சித்தூருக்குப் போகிறவர்களும் இங்கேதான் மாறுகிறார்கள். அதனால் ஒரே பிளாட்பாரத்தில் ஆந்திர பஸ், தமிழ்நாட்டு பஸ், உள்ளூர் பஸ், வெளிமாநில பஸ் எல்லாம் வந்து நிற்கும். இங்கிருந்து திருப்பதி சுமார் 35 கிலோமீட்டர். தூரம் எல்லோருக்கும் ஒன்றுதான். கட்டணம் மட்டும் எந்த பஸ்ஸில் கால் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து மாறிவிடுகிறது.

"அதே ஊருக்குத்தானே போறோம், நேத்து ஒரு காசு, இன்னிக்கு ஒரு காசா?" என்று கண்டக்டரிடம் கேட்கும் குரலை இந்த வழித்தடத்தில் அடிக்கடி கேட்கலாம். கேட்பதில் தப்பில்லை. கண்டக்டருக்கு நின்று விளக்க நேரமில்லை, பஸ் நிறைய ஆள் நிற்கிறார்கள். அந்தக் கேள்விக்கு உட்கார்ந்து நிதானமாகப் பதில் எழுத வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

முதலில் ஆந்திர பஸ்களின் வரிசை. அடிமட்டத்தில் பல்லெவெலுகு. இதுதான் இங்கே சாதாரண பஸ். கிராமம் கிராமமாக நின்று போவது. அதைவிடக் குறைவான இடங்களில் நிற்கும் அல்ட்ரா பல்லெவெலுகு என்று ஒன்று உண்டு. அதற்கு மேலே எக்ஸ்பிரஸ். அதற்கும் மேலே அல்ட்ரா டீலக்ஸ், பிறகு சூப்பர் லக்சரி. ஏசி என்று போனால் இந்திரா, கருடா, அமராவதி என்று பெயர்கள் நீளும். புத்தூரிலிருந்து அன்றாடம் போய்வருகிற நமக்கு முதல் நான்கைந்து வகை தெரிந்தால் போதும்.

தமிழ்நாட்டு வரிசை வேறு. சாதாரணம், எக்ஸ்பிரஸ், சூப்பர் டீலக்ஸ், அல்ட்ரா டீலக்ஸ், ஏசி. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் ஏசி இல்லாமல் உட்கார்ந்து போகும் பஸ்களில் அல்ட்ரா டீலக்ஸ்தான் உச்சி. ஆந்திராவில் அல்ட்ரா டீலக்ஸுக்கு மேலே சூப்பர் லக்சரி உட்கார்ந்திருக்கிறது. சென்னைப் பக்கத்துச் சொந்தக்காரர் ஒருவர் திருப்பதியிலிருந்து விஜயவாடாவுக்கு டிக்கெட் போடும்போது, "அல்ட்ரா டீலக்ஸ்தானே, பெரிய பஸ்ஸா இருக்கும்" என்று நினைத்துக்கொள்வார். இந்தப் பக்கத்தில் அது நடுப்படி.

வகைகளின் பெயரை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொரு படி ஏறும்போதும் எதற்காகக் கூடுதலாகக் கொடுக்கிறோம் என்பதைப் பிரித்துப் பார்ப்பதுதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். சாதாரண பஸ்ஸிலிருந்து எக்ஸ்பிரஸுக்கு ஏறும்போது நாம் கொடுக்கும் கூடுதல் காசு நிறுத்தத்துக்கு. அதாவது வழியில் நிற்காமல் போவதற்கு. எக்ஸ்பிரஸிலிருந்து டீலக்ஸுக்கோ லக்சரிக்கோ ஏறும்போது கொடுப்பது இருக்கைக்கு. இரண்டும் இரண்டு வேறு சரக்கு. இதைக் குழப்பிக்கொண்டால்தான் "எக்ஸ்பிரஸ்ல சீட்டே நல்லா இல்லையே" என்று கோபம் வரும். எக்ஸ்பிரஸ் உங்களுக்கு நல்ல சீட்டைத் தருவதாகச் சொல்லவே இல்லை.

எண்ணை வைத்துச் சொல்கிறேன். தமிழ்நாட்டு அரசு 2018 ஜனவரி 20 அன்று பஸ் கட்டணத்தை உயர்த்தியது. மக்கள் எதிர்ப்பு பலமாக இருந்ததால் ஒன்பதே நாளில், 29ஆம் தேதி, கொஞ்சம் குறைத்தது. அப்படிக் குறைத்த பிறகு நின்ற விகிதம் இது: வெளியூர் சாதாரண பஸ்ஸுக்குக் கிலோமீட்டருக்கு 58 பைசா, எக்ஸ்பிரஸுக்கு 75 பைசா, சூப்பர் டீலக்ஸுக்கு 85 பைசா, அல்ட்ரா டீலக்ஸுக்கு 1 ரூபாய், ஏசிக்கு 1 ரூபாய் 30 பைசா.

சாதாரணத்துக்கும் எக்ஸ்பிரஸுக்கும் இடையே 17 பைசா. கேட்க அற்பமாக இருக்கிறது. ஆனால் 58க்கு மேல் 17 என்பது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். பஸ் பெரும்பாலும் அதே மூன்றுக்கு இரண்டு சீட்டு, அதே ஜன்னல், அதே கம்பி. ஆக அந்த 17 பைசா முழுக்க முழுக்க நேரத்துக்குக் கொடுக்கும் விலை. எக்ஸ்பிரஸ் என்று போர்டு போட்டுவிட்டு, கை காட்டிய இடத்திலெல்லாம் நிற்கும் பஸ்ஸில் ஏறினால், நாம் காசு கொடுத்து வாங்கிய ஒரே பொருளும் கையில் வரவில்லை என்று அர்த்தம். அதைக் கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

இப்போது அல்ட்ரா டீலக்ஸைப் பாருங்கள். மூன்றுக்கு இரண்டு என்று சீட்டு போட்டால் ஒரு பஸ்ஸில் ஏறத்தாழ 55 பேர் உட்காரலாம். இரண்டுக்கு இரண்டு, சாய்மான சீட்டு என்று போட்டால் 36 பேருக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைக்கும். 55 பேர் ஆளுக்கு 58 பைசா கொடுத்தால் அந்த பஸ் ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்கு 31 ரூபாய் 90 பைசா. 36 பேர் ஆளுக்கு 1 ரூபாய் கொடுத்தால் 36 ரூபாய். பார்த்தீர்களா, பஸ்ஸுக்கு வரும் வசூல் ஏறக்குறைய பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கிறது. சாதாரண பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவர்களையும், நடுவில் இறங்கி ஏறுகிறவர்களையும் சேர்த்தால் அந்த வித்தியாசமும் காணாமல் போய்விடும். லக்சரி பஸ்ஸின் கூடுதல் கட்டணம் நம் பக்கத்தில் உட்காராமல் போன ஆளின் டிக்கெட். அதை நான் நியாயமான விலை என்றே சொல்வேன். ராத்திரி முழுக்க உட்கார்ந்து போக வேண்டிய ஊருக்கு அது தேவையும்கூட.

சரி, ஆந்திரப் பக்கத்துக்கு வருவோம், ஏனென்றால் புத்தூரிலிருந்து திருப்பதி வரை முழுக்க ஆந்திரச் சாலைதான். இங்கே 2019 டிசம்பரில் கட்டணம் உயர்ந்தது. பல்லெவெலுகுக்குக் கிலோமீட்டருக்கு 10 பைசா, எக்ஸ்பிரஸ், டீலக்ஸ், லக்சரி வகைகளுக்கு 20 பைசா. அன்றைக்கு எல்லோரும் "பஸ் காசு ஏறிப்போச்சு" என்று மட்டும்தான் பேசினார்கள். நான் கவனித்தது வேறு. பல்லெவெலுகுக்கும் எக்ஸ்பிரஸுக்கும் ஏற்கெனவே இருந்த இடைவெளியில் இன்னும் 10 பைசா கூடியது. புத்தூர் – திருப்பதி 35 கிலோமீட்டருக்கு அது மூன்றரை ரூபாய். எக்ஸ்பிரஸுக்கும் லக்சரிக்கும் இடையே அப்படி எதுவும் கூடவில்லை, இரண்டும் ஒரே அளவில் ஏறின. ஆக அந்த உயர்வில் விலகிப் போனது பல்லெவெலுகும் மற்றவையும்தான். கிராமத்து பஸ்ஸை முடிந்தவரை மலிவாக வைத்துக்கொண்டு, தூரப் பயணத்தில் ஈடுகட்டுவது என்ற வழி.

பிறகு 2022 ஏப்ரலில் டீசல் செஸ் வந்தது. பல்லெவெலுகுக்கு ஒரு டிக்கெட்டுக்கு 2 ரூபாய், எக்ஸ்பிரஸுக்கு 5 ரூபாய், ஏசி பஸ்ஸுக்கு 10 ரூபாய். இது கிலோமீட்டர் பார்த்து வாங்கிய தொகை அல்ல, தலைக்கு இவ்வளவு. அங்கேதான் சின்னப் பயணம் போகிறவர் அடிபட்டார். பல்லெவெலுகுக்கும் எக்ஸ்பிரஸுக்கும் செஸ்ஸில் வித்தியாசம் 3 ரூபாய். 10 கிலோமீட்டர் போகிறவருக்கு அது கிலோமீட்டருக்கு 30 பைசா பாரம். 100 கிலோமீட்டர் போகிறவருக்கு 3 பைசாதான். அதே ஆண்டு ஜூலையில் தூரத்துக்குத் தகுந்தபடி செஸ் ஏறுமாறு மாற்றினார்கள். அப்போது தூரம் போகிறவர் பங்கும் உயர்ந்தது. இதோடு டோல்கேட் வேறு. புத்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவே வடமாலப்பேட்டைப் பக்கம் எஸ்.வி.புரத்தில் ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டும் பஸ்ஸில் அதற்கான சிறு தொகையும் டிக்கெட்டோடு சேரும். பல்லெவெலுகு கட்டணத்தைச் சில்லறைத் தொல்லைக்காக 5 ரூபாய்க் கணக்கில் சரிசெய்வதும் உண்டு. இதெல்லாம் சேர்ந்துதான், கிலோமீட்டர் விகிதத்தைப் பெருக்கிப் பார்த்தால் வரும் தொகையும் கையில் இருக்கும் டிக்கெட்டும் பொருந்தாமல் போகின்றன. அடிக்கட்டணம், செஸ், டோல், சரிசெய்தல் என்று நான்கு துண்டாகப் பிரித்துப் பார்த்தால் பொருந்தும்.

என் சொந்தத் தீர்ப்பைக் கேட்டால், புத்தூரிலிருந்து திருப்பதிக்கு மட்டும் போகிறவர் எக்ஸ்பிரஸுக்காகக் காத்திருக்க வேண்டாம். 35 கிலோமீட்டரில் எக்ஸ்பிரஸ் மிச்சப்படுத்துவது சுமார் கால் மணி நேரம். எக்ஸ்பிரஸ் வரட்டும் என்று பல்லெவெலுகை விட்டுவிட்டுக் கால் மணி நேரம் நின்றால் அந்த லாபம் அங்கேயே தீர்ந்துபோய்விடும். எது முதலில் வருகிறதோ அதில் ஏறுங்கள். ரயிலைப் பிடிக்கவோ ஆஸ்பத்திரிக்கோ போகிறவர் கதை வேறு, அவருக்குக் கால் மணி நேரத்தின் மதிப்பு அவருக்குத்தான் தெரியும். வடமாலப்பேட்டை போன்ற நடுவழி ஊருக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எக்ஸ்பிரஸ் அங்கே நிற்குமா என்று கேட்டுவிட்டு ஏற வேண்டும். பஸ் கட்டணம் ஸ்டேஜ் கணக்கில் ஓடுவது. நீங்கள் இறங்குகிற இடம் அந்த வகைக்கு ஸ்டேஜ் இல்லை என்றால், அடுத்த ஸ்டேஜ் வரைக்கும் டிக்கெட் வாங்க வேண்டியிருக்கும். இறங்கியது 15 கிலோமீட்டரில், கொடுத்தது 35 கிலோமீட்டருக்கு என்று ஆகலாம்.

எல்லை தாண்டும் பஸ்ஸில் கணக்கு இன்னும் சுவாரசியமானது. பஸ் கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி அந்தந்த மாநில அரசிடம் இருக்கிறது. இரண்டு மாநிலங்களுக்கு இடையே பஸ் விடுவது இரு அரசுகளும் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தத்தின்படி. அதனால் சென்னையிலிருந்து வரும் பஸ்ஸின் கட்டணம் ஒரே விகிதத்தில் ஓடாது. தமிழ்நாட்டுச் சாலைக்குத் தமிழ்நாட்டு விகிதம், ஆந்திரச் சாலைக்கு ஆந்திர விகிதம். பஸ்ஸின் பக்கவாட்டில் எந்த மாநிலத்தின் பெயர் எழுதியிருக்கிறது என்பது இதில் பெரிய விஷயமல்ல.

ஒரு பயணத்தை எடுத்துக்கொள்வோம். சென்னையில் ஆந்திரப் பக்கம் போகும் பஸ்களுக்காக 2018 அக்டோபரில் மாதவரம் பஸ் நிலையம் திறந்தார்கள். அங்கே ஏறி, செங்குன்றம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை வழியாகப் புத்தூர் வருகிறீர்கள். ஊத்துக்கோட்டையோடு தமிழ்நாடு முடிகிறது. ஊரைத் தாண்டினால் சுருட்டப்பள்ளி, அது ஆந்திரா. மாதவரத்திலிருந்து ஊத்துக்கோட்டை ஏறத்தாழ 45 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், தமிழ்நாட்டுப் பங்கின் அடிக்கட்டணம் சாதாரணத்தில் 26 ரூபாய் 10 பைசா, எக்ஸ்பிரஸில் 33 ரூபாய் 75 பைசா, அல்ட்ரா டீலக்ஸில் 45 ரூபாய். அதற்கு மேல் நாகலாபுரம், பிச்சாட்டூர், நாராயணவனம், புத்தூர் வரையிலான பங்கு ஆந்திர விகிதத்தில், அங்குள்ள செஸ் சேர்த்து. இப்படி இரண்டு துண்டையும் கூட்டித்தான் டிக்கெட் வருகிறது.

இதில் ஒரு விளைவு இருக்கிறது. இரண்டு மாநிலமும் ஒரே நேரத்தில் கட்டணத்தை உயர்த்துவதில்லை. 2018இல் தமிழ்நாடு உயர்த்தியபோது நம் டிக்கெட்டின் தெற்குப் பாதி ஏறியது. 2019இலும் 2022இலும் ஆந்திரா உயர்த்தியபோது வடக்குப் பாதி ஏறியது. எல்லையோரத்தில் இருக்கும் நமக்கு இரண்டு அரசாங்கத்தின் உயர்வும் வந்து சேரும். "எங்க ஊர்ல காசு ஏத்தவே இல்லையே, ஏன் டிக்கெட் ஏறிச்சு?" என்று திருத்தணிக்காரர் கேட்டால், பொன்பாடியைத் தாண்டிய பிறகு வரும் சாலைக்குத்தான் ஏறியிருக்கிறது என்பதே பதில்.

இனி பெண்களின் இலவசப் பயணம். வகையைப் படிக்கத் தெரிந்திருப்பது இங்கேதான் மிக அதிகமாக உதவுகிறது, ஏனென்றால் இங்கே வித்தியாசம் பத்து ரூபாய், இருபது ரூபாய் அல்ல, முழு டிக்கெட்.

ஆந்திராவில் 2025 ஆகஸ்ட் 15 அன்று ஸ்த்ரீ சக்தி திட்டம் தொடங்கியது. ஐந்து வகை பஸ்களில் பெண்களுக்கும் திருநங்கைகளுக்கும் கட்டணம் இல்லை: பல்லெவெலுகு, அல்ட்ரா பல்லெவெலுகு, சிட்டி ஆர்டினரி, மெட்ரோ எக்ஸ்பிரஸ், எக்ஸ்பிரஸ். ஆந்திராவில் வசிப்பதைக் காட்டும் அடையாள அட்டை வேண்டும். அட்டையைக் காட்டினால் பூஜ்யம் ரூபாய் என்று அச்சிட்ட டிக்கெட் தருவார்கள், அதையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அல்ட்ரா டீலக்ஸிலிருந்து மேலே எதற்கும் இது கிடையாது. நான்ஸ்டாப் பஸ்ஸுக்குக் கிடையாது. வெளிமாநிலத்துக்குப் போகும் பஸ்ஸுக்கும் கிடையாது.

அந்தக் கடைசி வரிதான் புத்தூரில் தினமும் தகராறு ஆகிறது. எங்கள் தெருப் பெரியம்மா ஒருத்தர் என்னிடம் கேட்டார்.

"ஏம்பா, அதுலயும் எக்ஸ்பிரஸ்னுதான் எழுதியிருக்கு, இதுலயும் எக்ஸ்பிரஸ்னுதான் எழுதியிருக்கு. அது சும்மா ஏத்திக்கிட்டான், இவன் காசு கேக்கறான். ரெண்டும் திருப்பதிதானே?"

"பெரியம்மா, ரெண்டும் திருப்பதிதான். ஆனா இது எங்கிருந்து வருது பாருங்க. சென்னையிலேர்ந்து வருது. வெளி மாநில பஸ்ஸுக்கு அந்தச் சலுகை இல்லை."

"நான் புத்தூர்ல ஏறி திருப்பதியில இறங்கறேன். மெட்ராஸுக்கும் எனக்கும் என்ன?"

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆந்திராவுக்குள்ளேயே ஏறி ஆந்திராவுக்குள்ளேயே இறங்குகிற ஒரு பெண், பஸ் எங்கே புறப்பட்டது என்பதற்காகக் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது. நிர்வாகத்துக்கு இப்படி வைத்தால் எளிது, பர்மிட்டைப் பார்த்தே முடிவு செய்துவிடலாம். எல்லையோர ஊர்களில் ஓடும் பஸ்களில் நிறைய வெளிமாநில பஸ்கள் என்பதால் மற்ற ஊர்ப் பெண்களைவிட நம் ஊர்ப் பெண்களுக்கு இலவச பஸ் குறைவாகவே கிடைக்கிறது. இதைத் திருத்த வேண்டும் என்பதே என் கருத்து. திருத்தும் வரை போர்டில் இரண்டு ஊரையும் படிக்க வேண்டும், புறப்படும் ஊர், சேரும் ஊர் இரண்டும். நகரி – திருப்பதி, புத்தூர் – திருப்பதி என்றால் கவலை இல்லை. சென்னை, திருத்தணி, வேலூர், காஞ்சிபுரம் என்று எந்தப் பக்கத்திலாவது தமிழ்நாட்டு ஊர் இருந்தால் டிக்கெட்டுக்குக் காசு எடுத்து வையுங்கள்.

இதே பெண் எல்லை தாண்டித் திருத்தணியில் இறங்கினால் விதி மறுபடி மாறுகிறது. தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு இலவசம் என்பது சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில்தான். ஊர்விட்டு ஊர் போகும் பஸ்ஸில், அது சாதாரண வகையாகவே இருந்தாலும், கட்டணம் உண்டு. அந்தப் பக்கம் டவுன் பஸ்ஸா என்று பார்க்க வேண்டும், இந்தப் பக்கம் பஸ்ஸின் வகையையும் மாநிலத்தையும் பார்க்க வேண்டும். ஒரு பக்கத்து அனுபவத்தை வைத்து இன்னொரு பக்கத்தில் ஏறினால் கணக்கு தவறும்.

எக்ஸ்பிரஸ் என்று எழுதியிருப்பதாலேயே எக்ஸ்பிரஸ் ஆகாத ஒன்றும் திருப்பதியில் இருக்கிறது. திருமலைக்கு மலையேறும் சப்தகிரி எக்ஸ்பிரஸ். அது மலைப்பாதைக்கென்று தனியாக வைத்த வகை, கட்டணமும் தனி. சமதளத்துக் கிலோமீட்டர் விகிதத்தைப் பெருக்கிப் பார்த்துவிட்டு இது ஏன் இவ்வளவு என்று கேட்டால் விடை வராது. ஸ்த்ரீ சக்தியும் அதில் செல்லாது. புத்தூரிலிருந்து திருப்பதி வரை இலவசமாக வந்துவிட்டு, மலைக்கும் அப்படியே போகலாம் என்று நினைத்து நிற்பவர்களை அங்கே பார்க்கலாம்.

நான்ஸ்டாப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னை – திருப்பதி நான்ஸ்டாப் என்றால் புத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குள் வராமல் பைபாஸிலேயே போய்விடும். சென்னையில் "புத்தூர் வழிதானே?" என்று கேட்டால் "ஆமா, புத்தூர் வழிதான்" என்று உண்மையைத்தான் சொல்வார்கள். வழி அதுதான், நிறுத்தம் அது இல்லை. "புத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குள்ள போகுமா?" என்று கேட்க வேண்டும். ராத்திரியில் மூட்டை முடிச்சோடு பைபாஸில் இறங்கி ஊருக்குள் ஆட்டோ பிடித்தால், எக்ஸ்பிரஸில் கொடுத்த கூடுதல் காசைப் போல இன்னொரு பங்கு ஆட்டோவுக்குப் போகும். புத்தூர் கட்டுக்காகக் கையோ காலோ முறிந்து வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இதைக் கட்டாயம் கேட்டுவிட்டு ஏற வேண்டும்.

பஸ்ஸின் நிறத்தையும் தோற்றத்தையும் நம்பாதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். மேல்வகையில் ஓடிப் பழசான பஸ்ஸைக் கீழ்வகைக்கு மாற்றி ஓட்டுவது போக்குவரத்துக் கழகங்களின் பழைய வழக்கம். நல்ல சீட்டு இருக்கிறதே என்று ஏறினால் அது பல்லெவெலுகாக இருக்கலாம், அன்றைக்கு உங்களுக்கு யோகம். வழக்கமான பஸ் ரிப்பேர் ஆகி அதற்குப் பதிலாக வேறு வண்டி வந்தால் இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். எது எப்படி இருந்தாலும் கட்டணம் அன்றைக்கு அந்த வண்டி எந்த சர்வீஸாக ஓடுகிறதோ அதற்குத்தான். முன் கண்ணாடியில் வைத்திருக்கும் போர்டும் டிக்கெட்டில் அச்சாகும் சர்வீஸ் பெயரும்தான் சாட்சி. மெஷின் டிக்கெட்டைக் கையில் வாங்கியதும் தொகையை மட்டும் பார்க்காமல் வகையையும் ஏறிய இடத்தையும் இறங்கும் இடத்தையும் படியுங்கள். போர்டில் ஒன்று, டிக்கெட்டில் வேறொன்று என்றால் பஸ் நகர்வதற்கு முன்னால் கேட்பது எளிது. இறங்கிய பிறகு புகார் கொடுப்பதாக இருந்தாலும் அந்த டிக்கெட்தான் வேண்டும், அதில் டிப்போவும் நேரமும் இருக்கும்.

நீண்ட தூரத்துக்கு என் கணக்கு முற்றிலும் வேறு. திருப்பதியிலிருந்து விஜயவாடா சுமார் 400 கிலோமீட்டர். 2019இல் ஏறிய 20 பைசா மட்டுமே அங்கே 80 ரூபாய் ஆகிவிடுகிறது. கிலோமீட்டருக்குப் பத்துப் பைசா என்று நாம் புத்தூர் – திருப்பதியில் கண்டுகொள்ளாமல் விடும் வித்தியாசம், இங்கே 40 ரூபாய். இந்தத் தூரத்தில் எக்ஸ்பிரஸா, அல்ட்ரா டீலக்ஸா, சூப்பர் லக்சரியா என்று நின்று யோசிக்கத்தான் வேண்டும். பகலில் போகிறீர்கள், நடுவில் நெல்லூரிலோ ஓங்கோலிலோ இறங்கப் போகிறீர்கள் என்றால் எக்ஸ்பிரஸ் போதும். ராத்திரி புறப்பட்டுக் காலையில் போய் வேலையைப் பார்க்க வேண்டும் என்றால் சூப்பர் லக்சரிக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் தூக்கத்துக்குக் கொடுப்பது. வயதானவர்களுக்கும் முதுகுவலிக்காரர்களுக்கும் நான் யோசிக்காமல் அதைத்தான் சொல்வேன். ஏசி வேண்டுமா என்பது மாதத்தைப் பொறுத்தது. மார்கழியில் அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம்.

ஆன்லைனில் போடுகிறவர்களுக்கு வகையைப் படிப்பது சுலபம். apsrtconline.in தளத்தில் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் நேரத்தோடு EXPRESS, ULTRA DELUXE, SUPER LUXURY என்று வகை எழுதியிருக்கும். இரண்டு வகையின் தொகையையும் பக்கத்தில் வைத்துக் கழித்து, கிடைப்பதைப் பயண மணிகளால் வகுத்துப் பாருங்கள். மேல்வகைக்கு மணிக்கு எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கிறோம் என்பது தெரிந்துவிடும். ஒரு மணி நேரச் சௌகரியத்துக்கு அந்தக் காசு தகுமா என்று அப்போது முடிவு செய்வது எளிது. ஒரே வகை பஸ்ஸில் இரண்டு வேறு தொகை காட்டினால் வழியைப் பாருங்கள். சுற்றிப் போகும் பஸ்ஸுக்குக் கிலோமீட்டர் அதிகம், அதனால் கட்டணமும் அதிகம். சென்னைக்கு ஊத்துக்கோட்டை வழியும் திருத்தணி வழியும் ஒரே தூரம் இல்லை என்பதால் நம் ஊரிலேயே இதைக் காணலாம். ஆன்லைன் தொகையில் முன்பதிவுக் கட்டணமும் சேர்ந்திருக்கும், பஸ்ஸில் ஏறி வாங்கும் டிக்கெட்டோடு ஒப்பிடும்போது அதைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

போர்டு படிக்கத் தெலுங்கு வராதவர்கள் புத்தூரில் கூச்சப்பட வேண்டியதில்லை. பஸ் ஸ்டாண்டில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியும், கண்டக்டர்களும் பேசுவார்கள். ஏறும்போது படியில் நின்றபடியே மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள்: இது எந்த சர்வீஸ், எங்கிருந்து எங்கே போகிறது, நான் இறங்குகிற ஊரில் நிற்குமா. "பல்லெவெலுகா, எக்ஸ்பிரஸா?" என்று கேட்டால் தெலுங்கிலும் அதே கேள்விதான்.

கமெண்டில் உங்கள் வழித்தடத்தையும், இரண்டு வகை பஸ்ஸில் வாங்கிய டிக்கெட் தொகையையும் தேதியோடு எழுதுங்கள். சித்தூர் – புத்தூர், காளஹஸ்தி – புத்தூர் வழித்தடங்களுக்கு இதே போல அடிக்கட்டணம், செஸ், டோல் என்று பிரித்து ஒரு பட்டியல் போட்டு வைக்கிறேன்.